முன்புலத்தின் ஒளியை அந்திவானத்தோடு சேர்ப்பதற்கு என்ன சொல்?

ஈரோட்டிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். புகைப்படத்தில் மந்தார வானத்தை நீக்கி அந்திவானத்தை வைக்கும் வேலைக்கு ‘வானமாற்றம்’ என்னும் சொல்லே போதும் என்று கருதுகிறேன். பிறகு முன்புலத்துக்குச் சற்று மஞ்சள் ஏற்றினால் ஒளியும் சேர்ந்துவிடுமாதலால், அதற்குத் தனிச்சொல் வேண்டியதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:
ஐயா, வானமாற்றத்தை ஏற்கிறேன். மஞ்சள் ஏற்றினால் போதும் என்பதை ஏற்க இயலவில்லை. ஆனி மாதத்தில் ஆழியாறு அணையருகே ஒரு மணமக்களைப் படமெடுத்தேன். வானம் முழுவதும் மப்பாக இருந்ததால் ஒளி எல்லாப் பக்கமும் பரவி, முகத்தில் நிழலே விழவில்லை. கதிரவன் தெளிவாகத் தெரியும் வானத்தை அவர்களுக்குப் பின்னால் வைத்துப் படத்தை மஞ்சளாக்கியபோது, ஸ்டுடியோத் திரைக்கு முன் நிற்பவர்களைப் போலவே தெரிந்தார்கள். கதிரவன் பின்னால் இருந்தால் முகம் இருண்டிருக்க வேண்டும், நீண்ட நிழல்கள் நம்மை நோக்கி வர வேண்டும். இரண்டும் அங்கே இல்லை.

ஆகவே கதிரவன் மறைந்த பிறகான வானத்தைத் தேர்ந்தேன். அந்நேரத்து ஒளியும் வானத்திலிருந்தே மென்மையாக வருவதால், மந்தாரத்தில் எடுத்த முகம் அதற்கு ஒத்துப்போகிறது. முன்புலத்தை ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறைத்து, செவ்வானத்தைப் பார்த்திருக்கும் தலைமுடி, தோள் விளிம்புகளுக்கு மட்டும் செம்மை ஏற்றி, மறுபக்கத்தை நீலச்சாயலாகவே விட்டேன். அணைநீரில் வெள்ளை வானமே தெரிந்துகொண்டிருந்ததால், புதிய வானத்தைத் தலைகீழாக்கிச் சற்று இருட்டாக அங்கும் வைத்தேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் பிழை எளிதில் புலப்படும்; முகம் வானத்தைவிட வெளுத்திருந்தால் வேலை முடியவில்லை. இதனை ‘ஒளியிணக்கம்’ எனலாமா?

திருப்பூரிலிருந்து:
அக்கா, போட்டோஷாப்பின் Sky Replacement கட்டளையைப் பயன்படுத்தினால் எங்கள் தோப்புப் படத்தில் தென்னங்கீற்றுகளைச் சுற்றி வெள்ளைக்கோடு நிற்கிறது. அதைத் தேய்த்தால் கீற்றே அழிகிறது. என் படத்தில் ஒளியிணக்கம் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாமா?

கோவையிலிருந்து:
தம்பி, அது வேறு குறை. கீற்றின் மெல்லிய நுனியில் பழைய வெள்ளை வானம் கலந்திருக்கிறது. அந்தப் பகுதியில் மட்டும் புதிய வானத்தைப் படத்தின்மேல் Multiply முறையில் வைத்தால், வெள்ளை வானநிறமாகிவிடும். கீற்று கறுப்பாகவே நிற்கும். இதை ‘ஓரவெண்மை’ என்று தனியே குறிக்கலாம்.

அக்கா சொன்ன வேலைக்கு ‘ஒளிப்பொருத்தம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இணக்கம் தானாகவும் அமையக்கூடும். பொருத்துவதோ ஒருவர் கையால் செய்வது. ‘ஒளி பொருத்தினேன்’ என்று வினையாகவும் அச்சொல் வளைந்துகொடுக்கும்.

ஈரோட்டிலிருந்து:
தனிச்சொல் தேவை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், ஒளிப்பொருத்தம் நன்று. ஆயினும் வானத்தின் ஒளி தோள் விளிம்பில் வழிந்து ஏறுவதற்கு என்ன பெயர்? ‘ஒளிக்கசிவு’ என்றால் கேமராப் பெட்டிக்குள் புகும் ஒளியோடு குழம்பும்.

பொள்ளாச்சியிலிருந்து:
‘ஒளித்தழுவல்’ என எண்ணினேன், ஐயா. தழுவல் என்றதும் கதைத்தழுவல் நினைவுக்கு வருவதால் எனக்கே அதில் முழு நிறைவு இல்லை.