ஃபோலிக் ஆசிட்: 5-ஆ, 400-ஆ? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வானதி_தேனி

குழந்தைக்குத் தயாராகலாம் என்று முடிவெடுத்ததும், லண்டனில் இருக்கும் நாத்தனார் போனில் சொன்னது ஒன்றுதான்: "ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், இன்றைக்கே ஆரம்பி." தெருமுனை மருந்துக் கடையில் கேட்டேன், ஓர் அட்டை கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 5 மி.கி. என்று போட்டிருக்கிறது. திரும்பிப் போனேன். "எல்லாரும் இதைத்தான்மா வாங்குறாங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார்.

5 மி.கி. என்றால் 5000 மைக்ரோகிராம். 400-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. காய் நறுக்கும் கத்தியோடு அந்த மஞ்சள் மாத்திரையைப் பன்னிரண்டாக வெட்ட உட்கார்ந்தேன். நான்காக்கியது வரை சரி. எட்டாக்கப் போனதும் தட்டெல்லாம் பொடி. மாமியார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கஸ்தூரி மஞ்சளா?" என்றார். நாங்கள் இன்னும் வீட்டில் எதுவும் சொல்லவில்லை, அதனால் ஆமாம் என்றுவிட்டேன்.

அப்புறம் வெட்டுவதை விட்டுவிட்டு, மூன்று மாதம் முழு மாத்திரையாகவே போட்டேன். இன்னும் உண்டாகவில்லை. அந்தப் பொடித் தட்டு மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. உங்களுக்கு எப்படி?

கோமதி அத்தை

எங்கள் காலத்தில் மாத்திரையா, மண்ணாங்கட்டியா? எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனை உண்டாகியிருந்தபோது என் அம்மா தினமும் முருங்கைக்கீரை ஒரு கிண்ணம், வாரத்தில் இரண்டு நாள் பாசிப்பயறு என்று வைத்துக் கொடுத்தாள். நீங்கள் சொல்லும் அந்தச் சத்து கீரையிலேயே இருக்கிறது. மாத்திரையை வெட்டிக்கொண்டு உட்காராமல் கீரையை ஆய்ந்து சமைக்கப் பழகு கண்ணு.

சரோஜா, ஓய்வு பெற்ற நர்ஸ்

அத்தை, கீரையில் அந்தச் சத்து ஃபோலேட் என்ற இயற்கை வடிவில் இருப்பது உண்மைதான். ஆனால் உணவிலிருந்து உடம்பில் ஏறுவது மாத்திரையிலிருந்து ஏறுவதைவிடக் குறைவு. அதிலும் அடுப்புச் சூட்டில் கொஞ்சம் போய்விடும். அதைவிட முக்கியமானது, உங்கள் அம்மா கீரை வைத்துக் கொடுத்தது நீங்கள் உண்டானது தெரிந்த பிறகு. இது அதற்கு முன்னாலேயே வேண்டிய விஷயம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது ஒரு பெண் பதிவு செய்ய வந்தாள். கடைசியாகத் தலைக்குக் குளித்தது ஜூன் 1 என்றாள். அன்று ஜூலை 20. "இன்னிக்கே மாத்திரை குடுங்க அக்கா, சரியான நேரத்துக்கு வந்துட்டேன்ல?" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாள்.

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டேன். கரு தரித்தது ஜூன் 15 வாக்கில். நாள் தள்ளிப்போனதே ஜூன் 29-இல்தான் தெரிந்திருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயிலிருந்து உருவாகும், அது சரியாக மூடத்தான் ஃபோலிக் ஆசிட். அந்தக் குழாய் கரு தரித்து 28 நாளில் மூடிவிடும். அதாவது ஜூலை 13. அவள் வந்தது ஒரு வாரம் கழித்து. மாத்திரை கொடுத்தேன், அதுவும் தேவைதான். ஆனால் "சரியான நேரம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நல்லபடியாகப் பிறந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதால்தான் ஒரு மாதமாவது முன்னாடியே தொடங்கி, கர்ப்பத்தில் மூன்று மாதம் முடியும் வரை தினம் 400 போடச் சொல்கிறோம்.

இன்னொன்று. நான்காம் மாதத்திலிருந்து தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. "அதான் குடுப்பாங்களே" என்று காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். குழாய் மூடி எத்தனையோ வாரம் கழித்து வருவது அது.

வானதி, நீ சைவமா?

ராஜா_திண்டுக்கல்

நல்ல தகவல். எங்கள் அம்மா மூட்டுவாதத்துக்கு மீத்தோட்ரெக்ஸேட் போடுகிறார்கள், கூடவே வாரம் ஒரு 5 மி.கி. ஃபோலிக் மாத்திரை. நிறைய மிச்சம் கிடக்கிறது. அதையே என் மனைவிக்கும் வாரம் ஒன்று கொடுத்துவிடலாம் இல்லையா?

சரோஜா, ஓய்வு பெற்ற நர்ஸ்

தம்பி, வேண்டாம். அம்மாவுக்கு அதை வாரக் கணக்கில் கொடுப்பது மீத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்க. உங்கள் மனைவிக்கு வேண்டியது தினமும் சின்ன அளவு. அதைவிடப் பெரிய பயம், இரண்டும் ஒரே டப்பாவில் கிடப்பது. மீத்தோட்ரெக்ஸேட் ஃபோலேட்டுக்கே எதிராக வேலை செய்யும் மருந்து, கருவுக்கு ஆகவே ஆகாது. முதலில் அந்த டப்பாவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பெயர் வேண்டாம்

5 மி.கி. என்றதும் எல்லாரும் விஷம் மாதிரிப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

முதல் குழந்தைக்கு மூன்றாம் மாத ஸ்கேன். அந்த டாக்டர் அதுவரை பேசிக்கொண்டே இருந்தார். தலைப் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. திரையை மெதுவாக அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில் எனக்குப் புரிந்துவிட்டது. சரோஜாக்கா சொன்ன அந்தக் குழாய் மூடாமல், மண்டையோடு உருவாகவில்லை.

அடுத்த முறை, முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டர் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். ஏற்கனவே ஒரு குழந்தைக்கு இப்படி ஆனவர்களை வைத்து பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடத்திய பெரிய சோதனை 1991-இல் வெளிவந்ததாம். தினம் 4 மி.கி. போட்டவர்களுக்குத் திரும்ப வருவது ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது என்று விளக்கினார். முழுக்க அல்ல, முக்கால். அந்த மிச்சக் கால் பங்கை நினைத்தே அடுத்த ஸ்கேன் வரை தூங்கவில்லை. இப்போது மகளுக்கு நான்கு வயது.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் போடுகிறவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிக அளவு எழுதுவார்கள் என்று என்னோடு வரிசையில் காத்திருந்தவர்களிடம் தெரிந்துகொண்டேன். ஆகவே வானதி, கடைக்காரர் கொடுத்தது தப்பான மருந்து இல்லை. வேறு ஒருத்திக்கான அளவு.

சுண்டல் சுப்பு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் மனைவி மாசமாக இருந்தபோது சமையல் என் பொறுப்பு. கொண்டைக்கடலையை வேகவைத்து, தண்ணீரைச் சிங்கில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஃபோலேட் தண்ணீரில் கரைவது, நீ கொட்டுவதுதான் சத்து என்றாள். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போனது.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டலாம், வேகவைத்ததைக் கொட்டாதீர்கள். கடலை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்தால் மிச்சம் அதிகம் வராது. கீரையை மூடி குறைந்த தண்ணீரில் வேகவிட்டு அதே தண்ணீரோடு கடையுங்கள். நம் ஊர் மசியல் அதற்கென்றே பிறந்தது. பிழிந்து பொரியல் செய்பவர்கள் பிழிந்ததைக் குழம்பில் விடுங்கள். காராமணி, துவரம்பருப்பு, வெண்டைக்காய், நிலக்கடலை, ஆரஞ்சு எல்லாம் நல்லது. ஈரலில் ஏராளம் உண்டு, ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம் என்று மாசமானவர்களுக்கு வேண்டாம் என்றார்கள். அரை கப் வெந்த மைசூர்ப் பருப்பில் 180 மைக்ரோகிராம் வாக்கில் வரும். இரண்டு கப் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்பது என் கணக்கு.

சரோஜா, ஓய்வு பெற்ற நர்ஸ்

சுப்பு, கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. தினமும் இரண்டு கப் பருப்பை யார் தின்பது? தின்றாலும் மாத்திரைக் கணக்கில் அது அப்படியே சேராது. சுண்டலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

கோமதி அத்தை

நான் கீரைத் தண்ணீரைக் கொட்டியதே இல்லை. அதைக் கவனிக்கவும்.

வானதி_தேனி

சரோஜாக்கா, சைவம்தான். பால், தயிர் உண்டு. முட்டைகூட இல்லை. ஏன் கேட்டீர்கள்?

சரோஜா, ஓய்வு பெற்ற நர்ஸ்

சைவக்காரர்களுக்கு பி12 குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய அளவு ஃபோலிக் ஆசிட் போட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்புக்கான சேதம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு மிரள வேண்டியதில்லை. ஆனால் ஒரு பி12 ரத்தப் பரிசோதனை செய்துவிடு. பாதம் மரத்துப்போகிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா?

வானதி_தேனி

ராத்திரியில் இடது பாதம் கொஞ்சம். உட்கார்ந்து வேலை செய்வதால் என்று நினைத்திருந்தேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். போகிற வழியில் அதே கடையில் 400 கேட்டுப் பார்க்கிறேன், இந்த முறை அட்டையைப் படித்துவிட்டுத்தான் காசு.