1939 ரூபாய்: படத்தில் 9 சரியாக இருந்தால் போதுமா?

வண்ணை_காசு: வாட்ஸ்அப்பில் வந்த 1939 ஜார்ஜ் வெள்ளி ரூபாய். இரண்டு பக்கமும் படம் தெளிவு. 9 சுத்தமாக இருக்கிறது. ஒரிஜினல்தான், சந்தேகமே வேண்டாம்.

தங்கசாலை_அண்ணாச்சி: படத்தைப் பார்த்து "சந்தேகமே வேண்டாம்" என்று எழுதாதீர்கள், எரிச்சலாக வருகிறது. 1939 அரிது என்பதால் 1938 காசின் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கி விற்கிறார்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்தச் சுரண்டல் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைச் சுற்றி கீறலோ பள்ளமோ தெரிந்தால் போலி என்று படமே சொல்லிவிடும். தெரியாவிட்டால் ஒரிஜினல் என்று ஆகிவிடாது.

வண்ணை_காசு: 9-ஐச் சுற்றி ஒரு கீறலும் இல்லை. பெரிதாக்கிப் பாருங்கள்.

தொண்டை_வெள்ளி: இவ்வளவு பேச்சு எதற்கு? தராசில் வையுங்கள். 11.66 கிராம் இருந்தால் நல்ல காசு. முடிந்தது.

தங்கசாலை_அண்ணாச்சி: எப்படி முடிந்தது தம்பி? எண் மாற்றிய 1938-உம் அசல் வெள்ளிதான், அதுவும் 11.66 காட்டும். எடை, வார்ப்புப் போலியைப் பிடிக்கத்தான். அசல் காசில் அச்செடுத்து ஊற்றினால் 9 அச்சு அசலாக விழும், படத்தில் குறை சொல்ல முடியாது. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்குங்கள். இந்த வெள்ளிக்கு 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். 1.3 வந்தால் வேறு உலோகம். எந்தப் படம் இதைச் சொல்லும்?

பெரம்பூர்_அக்கா: எங்கள் பாட்டியின் 1940 ரூபாய் இருக்கிறது. படம் போட்டால் விலை சொல்வீர்களா?

தொண்டை_வெள்ளி: அக்கா, 1940-இல் வெள்ளி பாதிதான். அதற்குத் தனி இழை போடுங்கள்.

வண்ணை_காசு: மறுபடி சொல்கிறேன், 9 சரி. போன வருடம் என் விக்டோரியா காசையும் அண்ணாச்சி இப்படித்தான் மட்டம் தட்டினார்.

தங்கசாலை_அண்ணாச்சி: அதற்கும் ஓரத்தின் படம் கேட்டேன், நீங்கள் தரவில்லை. இதற்கும் இல்லை. ஓரத்து வரிகள் மழுங்கியிருந்தாலோ, நடுவில் ஒட்டுக்கோடு ஓடினாலோ வார்ப்பு. இன்னொன்று, அந்தப் படம் விற்பவர் கையில் இருக்கும் காசுதானா? இன்றைய தேதி எழுதிய சீட்டோடு புதிதாக ஒரு படம் கேளுங்கள். ராஜா கன்னத்தில் இருக்கும் கீறலும், விளிம்பில் இருக்கும் அடியும் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே காசு என்று நம்பலாம். படம் உறுதியாகச் சொல்வது அதைத்தான்.

தொண்டை_வெள்ளி: சீட்டையும் கணினியில் ஒட்டுவார்கள். எடைதான் பேசும்.

தங்கசாலை_அண்ணாச்சி: எண் மாற்றியதை எடை பேசாது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

வண்ணை_காசு: அதனால்தான் சொல்கிறேன், 9-ஐப் பாருங்கள்!

தங்கசாலை_அண்ணாச்சி: காசோடு சௌகார்பேட்டைக்கு வாருங்கள், லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். படத்தில் பார்க்க மாட்டேன்.

வண்ணை_காசு: முன்பணம் கொடுத்தாகிவிட்டது. உங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை.