காற்றாலை பராமரிப்புக் குழுவில் வாரத் திட்டம்: அறிவிப்பில் என்ன எழுதினோம், என்ன நடந்தது

ஆரல்வாய்மொழிக்காரர்

முப்பந்தல் பக்கம் பழைய காற்றாலைகளைப் பராமரிக்கும் குழு எங்களுடையது. ஆறு டெக்னீஷியன்கள் (இரண்டு டீம்), ஸ்டோர் பார்க்கும் ஒரு அக்கா, ஒரு டிரைவர். சைட் பொறுப்பு என்னுடையது. இந்தப் பிப்ரவரியில் வாரத் திட்டம் போடும் முறையைக் கொண்டுவந்தோம். அதை அறிவித்து குழுவுக்கு அனுப்பிய செய்தியை இங்கே பகிர்கிறேன். உங்கள் இடங்களில் இப்படி அறிவித்தபோது என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

இதே முயற்சி இங்கே முன்பும் நடந்திருக்கிறது. அப்போது வந்த அறிவிப்பு இரண்டே வரி: திங்கள் முதல் வாரத் திட்டக் கூட்டம் நடக்கும், அனைவரும் ஒத்துழைக்கவும். கூட்டம் நடந்தது. ஆனால் இரவு வாட்ஸ்அப்பில் வேலை பிரிப்பதும் காலை ஏழு மணி போன்களும் அப்படியே தொடர்ந்தன. ஒரே வேலைக்கு இரண்டு உத்தரவு வந்தால் டெக்னீஷியன் கடைசியாக வந்ததைத்தான் கேட்பான். சில வாரங்களில் கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. அதனால் இந்த முறை எது நிற்கப்போகிறது என்பதைத்தான் முதலில் யோசித்தேன். அனுப்பியது இது:

> எல்லாருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை முதல் வாரத் திட்டம் போடுகிறோம். மதியம் 3 மணி, சைட் ஆபீஸ், அரை மணி நேரம். திங்கள் முதல் சனி வரை எந்த டீம் எந்த மிஷினுக்கு என்று அங்கேயே முடிவு செய்து போர்டில் எழுதுவோம். ஸ்டோர் அக்காவும் இருப்பார்.
>
> நிற்பவை: இரவு வாட்ஸ்அப்பில் வேலை பிரிப்பது இனி கிடையாது. காலையில் எனக்கு போன் செய்து எங்கே போக வேண்டும் என்று கேட்க வேண்டாம். போர்டில் இருப்பதுதான் வேலை.
>
> மாறுபவை: சர்வீஸ் வாரத்துக்கு 12 மிஷின் என்பது 8 ஆகிறது. தேவையான சாமான் ஸ்டோருக்கு வந்து சேராத வேலை போர்டில் ஏறாது. பிரேக்டவுன் வந்தால் டீமைத் திருப்பிவிடுவது நான் மட்டும்தான். அதற்காக எந்த வேலை தள்ளிப்போகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். வேறு யார் நேரடியாக அழைத்தாலும் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.
>
> மாறாதவை: டூட்டி நேரம், ஞாயிறு லீவ், ஓவர்டைம் கணக்கு. காற்று அளவுக்கு மேல் போனால் டவரில் ஏறக்கூடாது, லைன் கிளியர் வாங்காமல் எதையும் தொடக்கூடாது. போர்டில் என்ன எழுதியிருந்தாலும் இந்த இரண்டும் அப்படியே.
>
> டீம் லீடர்கள் வெள்ளி மாலைக்குள் முடியாத வேலைகளையும் காரணத்தையும் என்னிடம் தர வேண்டும். ஏப்ரல் கடைசி வரை இப்படிச் செய்து பார்ப்போம். அப்புறம் காற்று சீசனுக்கு எப்படி என்று உட்கார்ந்து பேசுவோம்.

12 ஏன் 8 ஆனது என்று ஓனர் தரப்பில் உடனே கேட்டார்கள். கணக்கைக் காட்டினேன். ஆறு பேர், ஆறு நாள், எட்டு மணி நேரம் என்றால் மொத்தம் 288 மணி. பயணம், டூல் எடுப்பது, லைன் கிளியருக்குக் காத்திருப்பது என்று ஒரு ஆளுக்கு தினம் இரண்டு மணி போகிறது. அது 72. மீதி 216. ஒரு மிஷின் சர்வீஸ் என்றால் கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் பேட், மிஷினைக் காற்றுத் திசைக்குத் திருப்பும் யா பகுதிக்கு கிரீஸ், போல்ட் டைட் எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு ஒரு முழு நாள், அதாவது ஆளுக்கு ஆறு மணி வீதம் 18 மணி. 216-ஐ 18-ஆல் வகுத்தால் 12 வரும். அந்த 12 அப்படி வந்ததுதான். அதில் பிரேக்டவுனுக்கு ஒரு மணி கூட இல்லை. எங்கள் பதிவேட்டில் சர்வீஸ் மாதங்களிலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் பிரேக்டவுனுக்குப் போயிருக்கிறது. 216-இல் மூன்றில் ஒரு பங்கு 72. அதையும் கழித்தால் 144. எட்டு மிஷின்.

நாகர்கோவில் ஐடி

அண்ணே, நான் ஒரு சாப்ட்வேர் டீமை நடத்துகிறேன். உங்கள் செய்தியில் காரணம் எங்கே? ஏன் இந்த மாற்றம் என்று முதலில் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும். எங்களிடம் காரணம் தெரியாமல் எதுவும் ஓடாது. அப்புறம், வாரத்துக்கு ஒரு கூட்டம் போதாது. தினமும் காலை பதினைந்து நிமிஷம் எல்லாரும் நின்று பேச வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் காலியாக விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காலியாக விட்டால் வேலை அதற்கேற்ப இழுத்துக்கொள்ளும். 12 என்று போட்டு 9 முடிந்தால் அது 8-ஐ விட மேல்தானே?

ஓய்வு பெற்ற பிளானர், தோவாளை

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "டவர் அடியில் போய் நின்ற பிறகு சாமான் இல்லை என்று திரும்பி வருவது நிற்க வேண்டும்." இவ்வளவு போதும். அந்த மண்ணில் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

12 போட்டு 9 முடிப்பது வேறு கதை. ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் பராமரிப்புத் திட்டம் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். போர்டில் 12 இருந்து 9 முடிந்தால், விடுபடும் மூன்று எவை என்பதை யாரும் முடிவு செய்வதில்லை. தூரமானது, ஏறக் கஷ்டமானது, போன தடவையும் விட்டது, இவைதான் மறுபடியும் விடுபடும். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் அதே மிஷின்கள் கிரீஸ் காணாமல் நிற்கும். 8 போட்டு 8 முடிந்தால் எது எப்போது சர்வீஸ் ஆனது என்று பதில் சொல்லலாம். பிரேக்டவுன் வராத வாரத்தில் நேரம் மிச்சமானால், அடுத்த வாரப் பட்டியலில் சாமான் தயாராக உள்ள வேலையை முன்னே எடுங்கள். அப்படி இரண்டு வேலைகளைப் போர்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரரே, உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சனி 3 மணிக்கு எல்லாரும் ஆபீஸில் இருக்க வேண்டுமானால், இரண்டு மணிக்கே டவரிலிருந்து இறங்க வேண்டும். அன்று முழு நாள் சர்வீஸ் எடுக்க முடியாது. இரண்டு டீமுக்கும் சனி பாதிநாள்தான். 8 என்பதும் கொஞ்சம் இறுக்கம். 7 என்று அறிவித்திருந்தால் நிம்மதி.

மார்த்தாண்டம் செவிலியர்

எங்கள் மருத்துவமனையிலும் இதே பிரச்சினைதான். அடுத்த வார டூட்டி சனி இரவு ஒட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக முடியுமா என்று சனி இரவு வரை தெரியாது. நீங்கள் மூன்று மணிக்கே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நைட் டூட்டியை யார் யாருக்குப் பிரிக்கிறீர்கள் என்று செய்தியில் இல்லையே? அதைத்தானே எல்லாரும் முதலில் தேடுவார்கள்?

ஆரல்வாய்மொழிக்காரர்

அக்கா, இது டூட்டி பட்டியல் இல்லை, டூட்டி நேரத்துக்குள் எந்த வேலை என்பதற்கான திட்டம். ஆனால் நீங்கள் கேட்டதில் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. டவரில் தனியாக ஏறக்கூடாது. ஒரு டீமில் இரண்டு பேர் லீவ் என்றால் அந்த டீம் அன்று ஏறவே முடியாது. அதனால் லீவையும் வெள்ளி மாலைக்குள் சொல்லச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவசர லீவுக்கு அது பொருந்தாது என்றும் எழுதினேன். அதை எழுதாவிட்டால், வீட்டில் ஏதாவது என்றால்கூட லீவ் கிடையாது என்று பேச்சு கிளம்பிவிடும்.

டவர் ஏறுபவன்

நான் வேறு ஒரு சைட்டில் டெக்னீஷியன். எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி செய்தி வந்தது. எங்களைப் பயமுறுத்திய வரி, "முடியாத வேலைகளையும் காரணத்தையும் தர வேண்டும்" என்பதுதான். முதல் வாரம் உண்மையை எழுதினோம். கூட்டத்தில் ஏன், ஏன் என்று ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் ஒரே காரணம்தான் எழுதினோம்: காற்று அதிகம். காற்றை யாரும் திட்ட முடியாதே. எழுதியது பொய் என்பது எங்களுக்கும் தெரியும், வலித்தது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. இப்போது அங்கே போர்டும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. அதில் உள்ள எதுவும் நிஜமில்லை. அண்ணன் அந்த வரியை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற பிளானர், தோவாளை

இதுதான் முக்கியமான பதிவு. பிப்ரவரி, மார்ச்சில் "காற்று அதிகம்" என்று வரிசையாக வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். கண்ட்ரோலரிலேயே காற்று வேகம் பதிவாகிறது. அந்த நாளுக்கு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்த்துவிட்டு ஆளைப் பிடிக்கக்கூடாது. உண்மையைச் சொல்வது ஆபத்து என்று குழு நினைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

நான் செய்தது, காரணங்களை முன்கூட்டியே ஐந்தாகப் பிரித்து அறிவிப்பிலேயே போட்டது. சாமான் வரவில்லை, காற்று, லைன் கிளியர் தாமதம், பிரேக்டவுனுக்குப் போனோம், நினைத்ததை விட வேலை பெரிதாக இருந்தது. எதிரே ஒரு டிக். பெயர் எழுத இடமே கிடையாது. கூட்டத்தில் அந்த டிக்குகளை எண்ணுவோம். சாமானுக்கு அதிகம் விழுந்தால் கேள்வி ஸ்டோருக்கும் கொள்முதலுக்கும் போகும், டெக்னீஷியனுக்கு அல்ல. ஐந்தாவது காரணத்துக்கு அதிகம் விழுந்தால் 18 மணி என்ற கணக்கே தப்பு, அதைத் திருத்த வேண்டும்.

ஆரல்வாய்மொழிக்காரர்

தம்பிக்கு நன்றி. அந்த வரியை மாற்றிவிட்டேன். ஐந்து காரணமும் டிக்கும் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. இப்போது சாமானுக்குத்தான் அதிக டிக். பிரேக் பேட்தான் பெரும்பாலும். ஸ்டோர் அக்கா அதை எடுத்துக்கொண்டே ஓனரிடம் பேசினார்.

செய்தியின் ஒரு பிரதி ஓனருக்கும் போனது நல்லதாயிற்று. தன் மிஷின் நின்றால் டீம் லீடருக்கு நேரடியாக போன் போடுவது அவர் வழக்கம். முதல் இரண்டு வாரமும் போட்டார். லீடர் செய்தியில் உள்ளபடி என்னிடம் பேசச் சொன்னார். எழுத்தில் இருந்ததால்தான் அவரால் அதைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

குளச்சல் மெக்கானிக்

நான் படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்காலத்தில்தான் இன்ஜினை இறக்கிப் பெரிய வேலை பார்ப்போம், அப்போது வாரத் திட்டம் அருமையாக ஓடும். படகு கடலுக்குப் போகும் மாதங்களில், விடியற்காலை வந்து இன்ஜின் பழுது என்று நிற்பவனிடம் போர்டைக் காட்ட முடியாது. இன்னொன்று, எங்கள் பையன்களில் பாதிப்பேர் நீளமான செய்தியைப் படிப்பதில்லை. நான் குரல் பதிவாக அனுப்பிவிட்டு, மறுநாள் நேரிலும் ஒருமுறை சொல்வேன். வடக்கே இருந்து வந்த இரண்டு பேருக்கு இந்தியில் சொல்ல ஆள் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குக் காற்று சீசன் வந்தால் என்ன செய்வீர்கள்? அப்போது ஒரு மிஷின் ஒரு நாள் நின்றாலே நஷ்டம். பிரேக்டவுன் பங்கு மூன்றில் ஒன்றாகவே இருக்குமா?

ஆரல்வாய்மொழிக்காரர்

இருக்காது. மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை கணவாயில் காற்று அடிக்கும்போது சர்வீஸுக்காக மிஷினை நிறுத்த யாரும் சம்மதிக்க மாட்டார்கள், ஏறவும் நேரம் கிடைக்காது. இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, இரண்டு நாளுக்கு மட்டும் திட்டம் போட்டு மீதியைத் திறந்து விடுவது. இன்னொன்று, ஒரு டீமை முழுதும் பிரேக்டவுனுக்கு ஒதுக்கி, மற்ற டீமுக்கு மட்டும் வாரத் திட்டம். டீம் லீடர்கள் இரண்டாவதை விரும்பவில்லை. பிரேக்டவுன் டீமில் மாட்டுபவன் சீசன் முழுக்க ஓட வேண்டும் என்கிறார்கள். அது நியாயம்தான்.

ஓய்வு பெற்ற பிளானர், தோவாளை

வாரம் மாற்றி வாரம் சுழற்றுங்கள்.

டவர் ஏறுபவன்

சுழற்றினால் பாதியில் விட்ட பிரேக்டவுன் அடுத்த டீமின் தலையில் விழும், சார். அதை யார் முடிப்பது என்பதில்தான் எங்கள் சைட்டில் சண்டையே வந்தது.

ஆரல்வாய்மொழிக்காரர்

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். அதற்கு முன் போன சீசன் பதிவேட்டை எடுத்து, ஒரே நாளில் முடியாமல் இழுத்த பிரேக்டவுன் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாரத் திட்டத்தை 7 ஆக்குவதற்கும் ஓனர் சம்மதம் இன்னும் வரவில்லை.