வரிசையாக வரும் எண்களின் மிக நீண்ட ஓட்டம்: செட் போட்டும் ஏன் இழுபடுகிறது?

வெள்ளவத்தை_கோடர்: கேள்வி இதுதான்: ஒழுங்கில்லாமல் கிடக்கும் எண்களில் 3, 4, 5 போல ஒவ்வொன்றாகக் கூடிப் போகும் மிக நீண்ட தொடரின் நீளம் என்ன? இங்கே கொழும்பில் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் பலர் இதற்குச் செட்டைச் சரியாகவே போடுகிறார்கள். ஆனால் லூப்பைப் பழைய அரே மேலேயே ஓட விடுகிறார்கள். நேரம் போவது அங்கேதான்.

```
s = set(nums)
best = 0
for x in s:
    if x - 1 not in s:
        y = x
        while y + 1 in s:
            y += 1
        best = max(best, y - x + 1)
```

`[7, 3, 7, 4, 5, 3, 6, 12]` எடுங்கள். 3க்கு முன்னால் 2 இல்லை, அதனால் அங்கிருந்து 7 வரை நடக்கிறோம்: நீளம் 5. 4, 5, 6, 7 ஒவ்வொன்றுக்கும் முந்தைய எண் இருப்பதால் ஒரு பார்வையோடு விட்டுவிடலாம். 12 தனி.

கொட்டாஞ்சேனை_தம்பி: அண்ணா, for உள்ளே while இருந்தால் n² தானே?

வெள்ளவத்தை_கோடர்: உங்கள் பயம் ஒரு இடத்தில் சரி, தம்பி. தொடக்க எண்ணில் மட்டும் நடப்பதால் while மொத்தமாகவே n தரத்துக்கு மேல் ஓடாது. ஆனால் `for x in nums` என்று எழுதினால் அந்தக் கணக்கு உடையும். 1ஐ 50,000 தரம் போட்டு, 2 முதல் 50,001 வரை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு 1உம் தொடக்கமாகத் தெரியும், ஒவ்வொரு தரமும் கடைசி வரை நடக்கும். கிட்டத்தட்ட 250 கோடி தேடல்! விடை சரியாகவே வரும் என்பதால் சின்ன டெஸ்டில் பிடிபடாது.

புறக்கோட்டை_பில்: கடை பில் நம்பர்களில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்க இது உதவுமா? நான் போட்டால் எப்போதும் ஒரே விடைதான் வருகிறது: 1.

வெள்ளவத்தை_கோடர்: ஃபைலிலிருந்து எடுத்த "00417" இன்னும் எழுத்தாகவே இருக்கும் போலிருக்கிறது. அப்படியானால் `x - 1` பைதானில் பிழை காட்டியிருக்கும்; ஜாவாஸ்கிரிப்டிலோ `"00417" - 1` 416 என்ற எண்ணாகிவிடும், செட்டில் இருப்பது எழுத்து, அதனால் எதுவும் பொருந்தாது. முதலில் எண்ணாக மாற்றுங்கள். ஆனால் விடுபட்ட பில் வேறு கேள்வி. அதற்குச் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை போய், செட்டில் இல்லாததை எழுதிக்கொண்டால் போதும்.

தெஹிவளை_ஜாவா: ஜாவா `int` என்றால் இன்னொன்று. `[2147483647, -2147483648]` கொடுத்துப் பாருங்கள். முதலாவதோடு 1 கூட்டினால் இரண்டாவதாகச் சுற்றிவிடும். விடை 1 வர வேண்டிய இடத்தில் 2 வரும். `Set<Long>` போட்டு `long`இலேயே கூட்டிக் கழியுங்கள்.

கொட்டாஞ்சேனை_தம்பி: இவ்வளவு பாடுபடாமல் sort பண்ணினால் என்ன?

தெஹிவளை_ஜாவா: `int[]` என்றால் நான் sort பக்கம்தான். செட்டில் ஒவ்வொரு எண்ணும் தனி ஆப்ஜெக்டாகி மெமரியில் சிதறிக் கிடக்கும்.

வெள்ளவத்தை_கோடர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைதானில் ஒரே எண் நிறையத் தரம் வருகிற டேட்டாவுக்கு செட் மிகவும் சுருங்கிவிடும். இரண்டையும் உங்கள் டேட்டாவிலேயே ஓட்டி நேரம் பாருங்கள், தம்பி. sort பண்ணினாலும் ஒரே எண் திரும்ப வரும்போது எண்ணிக்கையை 1க்குத் திருப்பாமல் அப்படியே தாண்டிப் போக வேண்டும்.