தொடாமல் ஆடும் குழு விளையாட்டு: யோசனை சொல்லுங்கள்

எட்டாம் வகுப்பு, ஆணும் பெண்ணுமாக 32 பேர். கைகோத்து முடிச்சவிழ்க்கும் விளையாட்டு என்றால் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். கையும் முறுக்கிக்கொள்ளும்.

அதனால் ஒரு சின்ன வளையலில் 2 மீட்டர் நூல்கள் எட்டு கட்டி, மேலே டென்னிஸ் பந்து வைத்தேன். ஆளுக்கொரு நூல் நுனி. பந்தை நடந்தே கொண்டுபோய், மணல் நிரப்பிய பாட்டிலின் வாயில் இறக்க வேண்டும். ஒரு நூல் தளர்ந்தாலும் வளையல் அந்தப் பக்கம் சாய்ந்து பந்து உருண்டுவிடும்.

நன்றாகத்தான் போகிறது. ஆனால் ஒரு பையன் கத்துவான், மற்ற ஏழு பேர் கேட்பார்கள். சரி, பேசக்கூடாது என்றேன். அப்புறம் யாருமே திட்டமிடவில்லை, பாட்டில் பக்கம் போனதும் பந்து போச்சு. மாணவிகளும் வாய் திறக்கும்படி விதியை எப்படி மாற்றலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.