கடல்பாசி விற்பனைக் கடிதத்தை ஆங்கிலத்தில் சுருக்க உதவுங்கள்

வணக்கம். மண்டபத்தில் காப்பாஃபைகஸ் பாசி வளர்க்கும் எங்கள் மகளிர் குழு, பாசியிலிருந்து கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் வெளிநாட்டு ஆலை ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அக்கா எழுதித் தந்த தமிழ்க் கடிதம் "சேதுக் கடலன்னை மடியில் தவழ்ந்த தங்கப் பாசி" என்று தொடங்குகிறது. என்ன விற்கிறோம் என்பது நான்காம் பத்தியில்தான் வருகிறது. அதுவரை வாங்குபவர் படிக்க மாட்டார்.

அதனால் ஆங்கிலத்தில் முதல் வரியிலேயே காய்ந்த பாசி, ஈரப்பதம் 35 சதவீதத்துக்குள், மாதம் 5 டன், தூத்துக்குடி எஃப்ஓபி விலை என்று வைத்தேன். "தங்கப் பாசி" என்பது "மணல் ஒட்டாமல் பரணில் காயவைத்தது" என்று மாறியது. மணலும் உப்பும் சேர்ந்தால் எடை கூடும், கராஜீனன் குறையும். அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் "ஐம்பது பெண்களின் உழைப்பு" என்ற வரியை வெட்ட மனம் வரவில்லை. அதை எந்த இடத்தில், எப்படிச் சுருக்கி வைக்கலாம்? ஏற்றுமதியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.