சாலை கடக்கும் கார்ட்டூன்: 'வலது பார்' என்றால் பிள்ளைகள் இடது பக்கம் பார்க்கிறார்கள். ஸ்கிரிப்டில் என்ன கோளாறு?

முத்துச்சிப்பி (திங்கள், காலை 7.40)
அவசரம். ரோடு கடக்கிறது பத்தி சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் பண்றோம். ஸ்கெட்ச் படங்களைக் குரலோட ஓடவிட்டுப் பார்க்கிற அனிமேட்டிக் வரைக்கும் வந்தாச்சு. நேத்து போட்டுக் காட்டினா, "வலது பக்கம் பார்"னு வர்ற இடத்துல பிள்ளைக எல்லாம் இடது பக்கம் திரும்புது. மூணு தடவை போட்டும் அப்படித்தான். இந்த வாரம் குரல் பதியணும். வசனத்தை எப்படி மாத்தலாம்? அந்த இடம் இதுதான்:

"வலது பார், இடது பார், மறுபடி வலது பார், சாலை காலி, போகலாம் வா!"

உப்பளம் (7.58)
எத்தனை வயசுப் பிள்ளைகள்? படம் எத்தனை நிமிஷம்? எந்த ரோடு? ஊருக்குள் இருக்கிற தெருவா, கிழக்குக் கடற்கரைச் சாலையா? இது எதுவும் தெரியாமல் வசனத்தை மட்டும் பார்த்து என்ன சொல்வது?

நாட்டுப்படகு (8.15)
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முதலில் ஷாட் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டு உதவி கேட்டால் எங்களுக்கும் நேரம் வீண்.

சங்குமணி (8.31)
எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. 'வலது' என்ற சொல்லே அந்த வயதில் பழக்கமில்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'சோத்தாங்கைப் பக்கம்' என்று எழுதுங்கள், சாப்பிடுகிற கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். நாலு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கை எது என்று தெரியும்.

பாய்மரம் (9.02)
எங்க ஊர் விலக்குலயும் இதே பிரச்சனைதாங்க. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம், இன்னும் வரல. நீங்க யார்கிட்ட மனு கொடுத்தீங்க?

உப்பளம் (9.06)
பாய்மரம் அண்ணே, அவங்க கேட்கிறது கார்ட்டூன் படத்தைப் பத்தி. வேகத்தடைக்குத் தனி இழை போடுங்க.

பனைவிதை (9.40)
முத்துச்சிப்பி, ஒன்று சொல்லுங்கள். அந்த வசனம் வரும்போது பாத்திரம் பார்வையாளரைப் பார்த்து நிற்கிறதா, சாலையைப் பார்த்து நிற்கிறதா?

முத்துச்சிப்பி (11.20)
எல்கேஜி, யூகேஜி. 2 நிமிஷப் படம். நம்ம பக்கத்து மெயின் ரோடுதான். பாத்திரம் ஒரு நண்டு, நம்மைப் பார்த்து நின்னு பேசும்.

பனைவிதை (11.52)
கோளாறு அங்கேதான் இருக்கும். நண்டு நம்மைப் பார்த்து நின்றுகொண்டு தன் வலது பக்கம் திரும்பினால், திரையில் அது இடது ஓரத்தைப் பார்க்கும். எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது போல அதையே செய்யும், தன் இடது பக்கம் திரும்பும். காது ஒன்று கேட்கிறது, கண் வேறொன்று பார்க்கிறது. அந்த வயதில் கண்தான் ஜெயிக்கும்.

இது என் ஊகம்தான். சங்குமணி சொல்வது போல 'வலது' என்ற சொல்லும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே பிள்ளைகளுக்கு முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, நண்டு செய்வதைச் செய்யச் சொல்லுங்கள். பிறகு படத்தை மூடிவிட்டுக் குரலை மட்டும் போடுங்கள். யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று தாளில் கோடு போட்டு வாருங்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். கூட்டமாக உட்கார வைத்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் திரும்புவார்கள், கணக்கு கெட்டுவிடும்.

முத்துச்சிப்பி (செவ்வாய், மாலை 4.10)
செஞ்சு பார்த்தாச்சு. 11 பிள்ளைக. சத்தமில்லாம: 9 பேர் இடது, 2 பேர் வலது. குரல் மட்டும்: 5 வலது, 4 இடது, 2 பேர் சும்மா முழிச்சாங்க.

பனைவிதை (5.05)
அப்படியென்றால் இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. படம் பிள்ளைகளைத் தப்பான பக்கம் இழுக்கிறது. குரல் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தச் சொல் அவர்களுக்கு வெறும் ஓசையாகத்தான் போகிறது. வசனத்தை மட்டும் மாற்றினால் படம் மறுபடியும் அதைத் தோற்கடிக்கும். முதலில் காமிராவைத் திருப்புங்கள்.

சாலையைக் கடக்கிற காட்சி முழுக்கக் காமிரா பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அப்போது திரையின் வலதும் பாத்திரத்தின் வலதும் பார்க்கிற பிள்ளையின் வலதும் ஒன்றாகிவிடும். முகம் தெரிய வேண்டும் என்று நடுவில் எதிர்ப்பக்கம் தாவாதீர்கள். தலை திரும்பும்போது கன்னமும் கண்ணும் தெரியும், அதுவே போதும்.

வண்டிகளையும் சரிபாருங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு அருகில் உள்ள பாதையில் வண்டி வலமிருந்துதான் வரும். அதனால்தான் வலது முதலில். பின்னாலிருந்து பார்த்தால் அருகில் ஓடும் வண்டி திரையில் வலமிருந்து இடம் போக வேண்டும், தூரத்துப் பாதையில் ஓடுவது இடமிருந்து வலம். வலப்பக்கம் ஓட்டுகிற வெளிநாட்டிலிருந்து எடுத்த பின்னணிப் படமாக இருந்தால் இது தலைகீழாக இருக்கும், பேருந்தின் வாசலும் வலது பக்கம் இருக்கும். அதைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டால் வாசல் சரியாகிவிடும், ஆனால் ஊர்ப்பெயர்ப் பலகையின் எழுத்து இடவலம் மாறிவிடும்.

முத்துச்சிப்பி (5.31)
ஐயோ, நம்ம பஸ் அப்படித்தான் இருக்கு. வாசல் வலது பக்கம்.

உப்பளம் (6.20)
வசனத்தின் வேகமும் தப்பு. "வலது பார், இடது பார், மறுபடி வலது பார்" என்பது மூன்று நான்கு விநாடியில் ஓடிவிடும். பிள்ளை தலையைத் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் தலை நின்ற பிறகு 2 விநாடி பிடியுங்கள், 24 ஃப்ரேம் கணக்கில் 48 ஃப்ரேம். அந்த இடைவெளியில் குரல் வேண்டாம், சாலையின் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. உங்கள் காட்சியில் நண்டு பார்க்கும்போதெல்லாம் சாலை காலியாகவே இருக்கிறது. அப்படியானால் பார்ப்பதற்கு ஒரு பலனும் இல்லை. பிள்ளை கற்றுக்கொள்வது தலையை மூன்று முறை ஆட்டிவிட்டுப் போகலாம் என்பதைத்தான். முதல் தடவை பார்க்கும்போது வண்டி வர வேண்டும். பாத்திரம் நிற்க வேண்டும். வண்டி போன பிறகு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். பார்த்ததால் ஒரு முடிவு மாறியது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நாட்டுப்படகு (6.44)
வண்டி வந்தால் விபத்தைக் காட்டிவிடுவதுதான் சரி. பயம் இருந்தால்தான் பிள்ளை நிற்கும். இது அடிப்படை.

உப்பளம் (7.01)
இந்த வயதுக்கு இல்லை, சார். காட்சியில் எது பரபரப்பாக ஓடுகிறதோ அதைத்தான் பிள்ளைகள் விளையாட்டில் செய்து பார்ப்பார்கள். ஓடி வந்து மோதுவதைக் காட்டினால் அதுவும் விளையாட்டாகிவிடும். 'ஓடாதே' என்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம். நம் மொழியில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வருகிறது, பரபரப்பில் பிள்ளையின் காதில் விழுவது 'ஓடு' மட்டும். 'நில்' என்று எழுதுங்கள். ஒற்றைச் சொல், செய்ய வேண்டிய செயல்.

சங்குமணி (7.30)
சரி, காமிரா விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காமிராவைத் திருப்பிய பிறகும் சொல் வேண்டுமே. 'சோத்தாங்கை' வைத்தால் கை உயர்த்துகிற ஒரு அசைவும் கிடைக்கும்.

கடல்புறா (7.52)
அந்தச் சொல்லைப் பொதுப்படத்தில் வைக்க வேண்டாம், அக்கா. வலதைச் சோத்தாங்கை என்றால் அடுத்து இடதுக்கு என்ன சொல்வீர்கள்? பீச்சாங்கை என்றா? வகுப்பில் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அதைக் கேலி செய்யவே மற்றவர்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிடும்.

சங்குமணி (8.05)
இடதுக்குச் சொல்லே வேண்டாமே, 'அடுத்த பக்கம்' போதும். நம் வட்டாரப் பேச்சு என்றாலே ஏன் கூச்சம்?

கடல்புறா (8.11)
எனக்குக் கூச்சம் இல்லை. இடக்கையால் சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்தச் சொல் தப்பான பக்கத்தைக் காட்டும், அதுதான் என் பயம்.

பனைவிதை (9.15)
சொல்லையே தவிர்க்கலாம். 'வண்டி வர்ற பக்கம் பார்' என்று முதலில் சொல்லி, படத்தில் வலது பக்கத்திலிருந்து வண்டிச் சத்தத்தை வரவிடுங்கள். ஒலிப்பெட்டி ஒன்றுதான் என்றால் பக்கம் தெரியாது, அப்போது படம் மட்டுமே காட்டும்.

இப்போது நான் தயங்குகிற இடம் வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகிற வழியில் பல ஊர் விலக்குகளில் சிக்னல் கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்கச் சின்னப் பிள்ளைக்கு 7 விநாடி என்று வையுங்கள். அதற்குள் வண்டி ஏறக்குறைய 117 மீட்டர் வந்துவிடும். அத்தனை தூரத்தில் நேராக வருகிற வண்டி அந்த வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நிற்பது போலவே தெரியும், நெருங்குகிற வேகம் பிடிபடாது. 'சாலை காலி, போகலாம் வா' என்று ஒரு நண்டு தனியாகப் பிள்ளையைக் கூப்பிடவே கூடாது. பெரியவர் கை இல்லாமல் அந்தக் காட்சி முடியக் கூடாது. விரலைப் பிடிப்பதை வரையாதீர்கள், மணிக்கட்டைப் பிடிப்பதை வரையுங்கள். விரல் என்றால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

கடல்புறா (9.33)
கையைப் பிடித்துத்தான் போக வேண்டும் என்றால் வலது இடது எதற்கு? படத்தின் பாதியை வீணாக்குகிறோமே.

பனைவிதை (9.50)
பார்க்கிற பழக்கம் இப்போதே வர வேண்டும், முடிவெடுப்பது பெரியவராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் 2 நிமிஷத்தில் இரண்டும் அடங்குமா என்பது நியாயமான கேள்வி.

உப்பளம் (10.20)
அந்தக் காட்சியை இப்படி எழுதலாம். முழுக்க ஒரே காமிரா, பின்னாலிருந்து:

அப்பாவும் பிள்ளையும் சாலை ஓரத்தில், கருவேலம் புதரைத் தாண்டி ஆள் தெரிகிற இடத்தில் நிற்கிறார்கள். அப்பா மணிக்கட்டைப் பிடிக்கிறார்.
குரல்: "நில்."
பிள்ளை வலது பக்கம் திரும்புகிறது. 2 விநாடி. மீன் வண்டி ஒன்று வலமிருந்து வருகிறது.
பிள்ளை: "வண்டி வருது!"
வண்டி போகிறது. காற்றில் மணல் பறக்கிறது.
குரல்: "மறுபடியும் பார்ப்போம்."
வலது, 2 விநாடி. இடது, 2 விநாடி. வலது, 2 விநாடி.
பிள்ளை: "அப்பா, வண்டி இல்ல!"
அப்பாவும் பார்க்கிறார். "நட."
நடக்கிறார்கள், நேர்க்கோட்டில்.

இது 30 விநாடிக்குக் குறையாது. மற்ற காட்சிகளை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

நாட்டுப்படகு (10.41)
பேருந்தை விட்டுவிட்டீர்கள். இறங்கினால் பேருந்துக்குப் பின்னால் போய்க் கடக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பனைவிதை (10.58)
பின்னால் போவதிலும் சிக்கல் உண்டு. முன்னால் போனால் பேருந்தை முந்தி வருகிற வண்டி மறைகிறது. பின்னால் போனால் தூரத்துப் பாதையில் இடமிருந்து வருகிற வண்டி மறைகிறது. பேருந்து புறப்பட்டுக் கண்ணை விட்டு மறையும்வரை ஓரத்தில் நிற்பதைக் காட்டுங்கள். ஆனால் அதை இந்தப் படத்தில் நுழைக்க வேண்டாம், தனிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துச்சிப்பி (வெள்ளி, இரவு 9.25)
காமிராவைப் பின்னால கொண்டுபோய், உப்பளம் அண்ணன் எழுதின மாதிரியே அனிமேட்டிக் மாத்திப் போட்டோம். அதே 11 பேர். சத்தமில்லாம 10 பேர் வலது. ஒரு பிள்ளை மீன் வண்டிக்குக் கை காட்டிட்டு இருந்துச்சு. நண்டை எடுத்தாச்சு. 'சோத்தாங்கை' பத்தி முடிவு பண்ணல, குரல் ரெண்டு விதமாவும் பதியறோம். நாளைக்கு ரெக்கார்டிங்.

சங்குமணி (9.40)
இரண்டையும் வேறு வேறு பிள்ளைகளிடம் போட்டுப் பாருங்கள். இந்த 11 பேருக்கு இப்போது படம் மனப்பாடம் ஆகியிருக்கும்.